தோட்டத்துக்குங்களா, கடைக்குங்களா?

கோயம்புத்தூர் அவிநாசி சாலையில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது கொடிசியா கண்காட்சி வளாகம். அங்கே ஆண்டுதோறும் ஜூலையில் நடக்கும் அக்ரி இன்டெக்ஸ் வேளாண் கண்காட்சிக்குள் நுழைந்தால், முதலில் கண்ணில் படுபவை டிராக்டர் கம்பெனிகளும் பெரிய மோட்டார் கம்பெனிகளும் எடுத்திருக்கும் அகலமான இடங்கள்தான். அவற்றைத் தாண்டி உள்ளே போனால் சின்ன ஸ்டால்களின் வரிசை தொடங்கும். மூன்றுக்கு மூன்று மீட்டர். மூன்று பக்கம் தட்டி, மேலே கம்பெனி பெயர் ஒட்டிய பட்டை, ஒரு மேசை, இரண்டு நாற்காலி, விளக்கு, ஒரு பிளக் பாயின்ட். வாடகைக்குப் பெரும்பாலும் கிடைப்பது இவ்வளவுதான்.

இந்த ஒன்பது சதுர மீட்டரில் நிற்கப்போகிறவர் என்ன பேச வேண்டும், யாரிடம் எவ்வளவு நேரம் பேச வேண்டும், பேசியதை எப்படி எழுதி வைக்க வேண்டும் என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. ஸ்டாலின் அலங்காரத்துக்கு ஒரு மாதம் செலவழிப்பவர்கள் இதற்கு ஒரு மாலைப் பொழுதைக்கூட ஒதுக்குவதில்லை. விளைவு, நான்கு நாள் கழித்து ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டு விசிட்டிங் கார்டு. யார் என்ன கேட்டார்கள் என்பது யாருக்கும் நினைவில்லை.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். சொட்டுநீர்ப் பாசனத்துக்கான ஃபில்டர்கள் செய்யும் சின்னப் பட்டறை. முதலாளி, ஃபிட்டர், நான்கைந்து பணியாளர்கள். நான்கு நாளுக்கு ஒரு சின்ன ஸ்டால் எடுத்திருக்கிறார்கள். ஸ்டாலில் எத்தனை பேர் நிற்கலாம்? ஒரு ஆளுக்கு ஐம்பது சதுர அடி காலி இடம் என்பது கண்காட்சித் துறையில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஒன்பது சதுர மீட்டர் என்பது ஏறக்குறைய 97 சதுர அடி. மேசையும் ஃபில்டர் வைத்த ஸ்டாண்டும் மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிட்டால், கண்டிப்பாகப் பார்த்தால் ஒருவருக்கு மேல் இடமில்லை. ஒரு ஆளை வைத்து நான்கு நாள் ஓட்ட முடியாது என்பதால் இரண்டு பேர். மூன்றாவது ஆள் வந்து நின்றால், வருகிறவர் உள்ளே காலெடுத்து வைக்கவே யோசிப்பார்.

அந்த இரண்டு பேர் யார் என்பது அடுத்த கேள்வி. நாள்கூலிக்குச் சீருடை போட்டு நிற்க ஆள் கிடைப்பார்கள். ஃபில்டர் விற்கும் ஸ்டாலுக்கு அவர்களால் பயனில்லை. விவசாயி கேட்கும் இரண்டாவது கேள்விக்கே அவர்கள் திரும்பி முதலாளியைப் பார்ப்பார்கள். முதலாளியும், தோட்டம் தோட்டமாகப் போய் ஃபில்டர் மாட்டிக்கொடுத்த ஃபிட்டரும் நிற்பதுதான் சரி. ஃபிட்டருக்குப் பேச வராது என்று நினைக்கிறார்கள். தண்ணீரைப் பற்றிப் பேச அவருக்கு நன்றாகவே வரும்.

மேசையை முன்னால் குறுக்கே போட்டுப் பின்னால் நாற்காலியில் உட்காருவது பெரும்பாலான ஸ்டால்களில் பார்க்கும் காட்சி. மேசையைப் பக்கச் சுவரோரம் தள்ளிவிட்டு, பாதையை ஒட்டி ஓரமாக நிற்க வேண்டும். செல்போன் பார்ப்பதும், இரண்டு பேரும் தங்களுக்குள் பேசிக்கொண்டிருப்பதும் ஸ்டாலைப் பூட்டி வைத்ததற்குச் சமம். பேசிக்கொண்டிருக்கும் இருவரை இடைமறித்து விலை கேட்க நம் ஊர் ஆட்களுக்கு மனம் வராது. மேலே உள்ள பெயர்ப் பட்டையில் கம்பெனி பெயர் மட்டும் இருந்தால் உள்ளே என்ன விற்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதனால் பின் தட்டியில், தலை உயரத்துக்கு மேலே, "சொட்டுநீர் ஃபில்டர்கள்" என்று பெரிய எழுத்தில் இருந்தால் போதும்.

இனி பேச்சு. நூற்றுக்குத் தொண்ணூறு ஸ்டால்களில் முதல் வாக்கியம், "வாங்க சார், என்ன பாக்கறீங்க?" அதற்குப் பதிலும் எல்லோருக்கும் தெரியும்: "சும்மாத்தான் பாக்கறேங்க." அதோடு பேச்சு முடிந்தது. அல்லது நேர் எதிராக, ஆள் வந்ததும் கம்பெனி எந்த ஆண்டு தொடங்கியது என்பதிலிருந்து ஆரம்பித்து ஒப்பிப்பார்கள். வந்தவர் தலையாட்டிவிட்டுத் துண்டுப் பிரசுரத்தை வாங்கிக்கொண்டு நகர்வார். ஐந்து நிமிடம் போயிருக்கும், அவர் யாரென்றே தெரிந்திருக்காது.

ஃபில்டர் ஸ்டாலுக்குப் பொருத்தமான முதல் கேள்வி ஒன்று இருக்கிறது. "தோட்டத்துக்குங்களா, கடைக்குங்களா?"

கொங்குப் பக்கத்தில் தோட்டம் என்றால் பாசன நிலம். இந்த ஒரு கேள்வியில் விவசாயியும் வியாபாரியும் பிரிந்துவிடுவார்கள். இரண்டும் இல்லாதவர் தானே சொல்லிவிடுவார்: "இல்லைங்க, நான் காலேஜ்ல படிக்கறேன்", "ஏஜென்சி நடத்தறோம், உங்க பிராண்டுக்கு விளம்பரம் பண்ணித்தரலாம்னு…" சும்மா பார்ப்பதாகச் சொல்ல இந்தக் கேள்வியில் இடமே இல்லை.

தோட்டத்துக்கு என்றால் அடுத்தது தண்ணீர்: "போருங்களா, கிணறுங்களா?" இது பேச்சை வளர்க்கக் கேட்கும் கேள்வி மட்டுமில்லை. எந்த ஃபில்டர் என்பதைத் தீர்மானிப்பதே இதுதான். போர் தண்ணீரில் பெரும்பாலும் மணல்தான் தொந்தரவு. மணல் கனமானது; தண்ணீரைச் சுழலவிட்டால் ஓரமாக ஒதுங்கி அடியில் இறங்கிவிடும். அதற்கு ஹைட்ரோ சைக்ளோன், அதற்குப் பின்னால் ஒரு ஸ்கிரீன் ஃபில்டர். திறந்த கிணற்றிலும் தொட்டியிலும் பாசி சேரும். பாசி லேசானது என்பதால் ஹைட்ரோ சைக்ளோனில் அகப்படாது. ஸ்கிரீனிலும் தோல்போலப் படிந்து அடைத்துக்கொள்ளும். அங்கே டிஸ்க் ஃபில்டர் அல்லது சேன்ட் ஃபில்டர் வேண்டும். இந்த வேறுபாட்டை இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டால், வந்தவர் நகராமல் நின்று தன் தோட்டத்துக் கதையைச் சொல்ல ஆரம்பிப்பார்.

மூன்றாவது கேள்வியை விட்டுவிட்டால் நேரம் வீணாகும்: "டிரிப் ஏற்கனவே போட்டிருக்கீங்களா, இனிமேதான் போடப்போறீங்களா?" தமிழ்நாட்டில் சொட்டுநீர்ப் பாசனம் அமைக்கச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்ற விவசாயிகளுக்கு 75 சதவீதமும் மானியம் தருகிறார்கள். அந்த மானியத்தில் வருவது முழு அமைப்பு. குழாய், சொட்டுவான், ஃபில்டர் எல்லாம் அரசு அங்கீகரித்த கம்பெனிகள் வழியாகச் சேர்ந்தே வரும். நம் பட்டறை அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே முதன்முறையாக மானியத்தில் போடப்போகிற விவசாயி எவ்வளவு ஆர்வமாகக் கேட்டாலும் இன்றைக்கு நம்மிடம் வாங்கப்போவதில்லை. பல ஆண்டுகளுக்கு முன் டிரிப் போட்டு, கூட வந்த ஃபில்டர் உடைந்தோ துருப்பிடித்தோ போனவர்தான் நம் வாடிக்கையாளர். முதலாமவருக்கு மரியாதையாக ஒரு நிமிடம், ஒரு பிரசுரம். இரண்டாமவருக்குப் பத்து நிமிடம்கூடக் கொடுக்கலாம்.

இப்படிப் பிரிப்பது சிலருக்கு மரியாதைக் குறைவாகத் தோன்றும். நேரக் கணக்கைப் பார்த்தால் வேறு வழியில்லை என்பது புரியும். ஓர் உருப்படியான பேச்சுக்கும் அதை எழுதி வைப்பதற்கும் சேர்த்து எட்டு நிமிடமாவது ஆகும். ஓய்வு, டீ, ஆள் இல்லாத இடைவெளி எல்லாம் கழித்தால் ஒருவர் மணிக்கு ஐந்து பேரிடம் பேசலாம். இரண்டு பேர், நாளுக்கு ஏழு மணி நேரம், நான்கு நாள் என்றால் 280 பேச்சுகள்தான். பாதையில் போகிறவர்களின் எண்ணிக்கையோ ஆயிரக்கணக்கில் இருக்கும். இந்த 280 இடத்தில் விளம்பர ஏஜென்டும், அட்டைப்பெட்டி விற்க வந்தவரும் எத்தனை இடத்தைப் பிடிக்கலாம் என்பதை ஸ்டாலில் நிற்கிறவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

விற்க வருகிறவர்களுக்கு ஒரே பதில்: "கார்டு கொடுத்துட்டுப் போங்க, கண்காட்சி முடிஞ்சதும் கூப்பிடறோம்." வேளாண் கல்லூரி மாணவர்கள் கூட்டமாக வந்தால், கூட்டம் குறைந்த நேரத்தில் குறுக்கே அறுத்து வைத்த ஃபில்டரைக் காட்டி விளக்கலாம். அவர்களில் சிலர் நாளை வேளாண் அலுவலர்களாக வருவார்கள் என்பதை மறந்துவிட வேண்டாம்.

போட்டிக் கம்பெனிக்காரரை அடையாளம் காண்பது ஒரு கலை. அவர் தண்ணீரைப் பற்றிப் பேச மாட்டார். ஃபில்டரைக் கையில் எடுத்து மோல்டிங் சேர்ந்த கோட்டைத் தடவிப் பார்ப்பார். வாஷர் எங்கே வாங்குகிறீர்கள் என்பார். டீலருக்கு என்ன கழிவு என்று கேட்பார். ஊரைக் கேட்டால் பொதுவாக "பக்கத்துலதாங்க" என்பார். சண்டை போடத் தேவையில்லை. பிரசுரத்தில் அச்சடித்திருப்பதை மட்டும் சொல்லி அனுப்பிவிடலாம்.

கடைக்கு என்று பதில் வந்தால் பேச்சு வேறு. எந்த ஊர், இப்போது யாருடைய ஃபில்டர் வைத்திருக்கிறார், சீசனில் எத்தனை போகும், எத்தனை நாள் கிரெடிட் எதிர்பார்க்கிறார் என்ற நான்கும் தெரிய வேண்டும். இங்கே கவனிக்க வேண்டிய ஆபத்து ஒன்று உண்டு. ஒரு பக்கம் விவசாயி நின்றுகொண்டிருக்க, மறுபக்கம் டீலர் விலையைச் சத்தமாகச் சொல்லிவிட்டால் கதை முடிந்தது. விவசாயி அந்த விலைக்கே கேட்பார். டீலருக்கு நம் மேல் நம்பிக்கை போகும். அதனால் வெளியே ஒரே விலைப்பட்டியல். டீலர் விலை மேசை டிராயரில். டீலரை உள்ளே நாற்காலியில் உட்காரவைத்துத் தாளைக் காட்டிப் பேச வேண்டும். "உங்க தாலுகாவுக்கு நீங்க மட்டும்தான்" என்ற வாக்குறுதியை ஸ்டாலில் வைத்து யாரும் கொடுக்கக் கூடாது. உற்சாகத்தில் ஃபிட்டர் ஒருவருக்கும் முதலாளி இன்னொருவருக்கும் ஒரே தாலுகாவைக் கொடுத்துவிடுவது நடக்கக்கூடியதுதான்.

இனி எழுதி வைப்பது. ஸ்டால் நடத்துவதில் பாதி வேலை இதுதான், பெரும்பாலோர் கோட்டைவிடுவதும் இங்கேதான். விசிட்டிங் கார்டு ஒருவரின் பெயரையும் எண்ணையும் சொல்லும், அவருக்கு என்ன வேண்டும் என்பதைச் சொல்லாது. விவசாயிகளில் பலரிடம் கார்டே இருக்காது. சில கண்காட்சிகளில் பார்வையாளர் அட்டையில் உள்ள கியூஆர் கோடை ஸ்கேன் செய்ய வசதி தருகிறார்கள். அதிலும் வருவது பெயரும் எண்ணும்தான். கூகுள் ஃபார்ம் வைக்கலாம். ஆனால் ஆயிரக்கணக்கானோர் ஒரே கூரைக்கடியில் போனைத் திறக்கும்போது நெட்வொர்க் திணறும். மூன்று முறை சுற்றிக்கொண்டே நின்றால் வந்தவர் கிளம்பிவிடுவார்.

அதனால் காகிதமே முதலில். பில் புக் அச்சடிக்கும் அதே அச்சகத்தில், வரிசை எண் போட்டு, கார்பன் நகலோடு ஐம்பது தாள் புத்தகம் ஆறு அடித்துக்கொள்ளலாம். பெயர், ஊர், போன், தோட்டமா கடையா, தண்ணீர், மோட்டார் எச்பி, குழாய் அளவு, ஏக்கர் என்று சின்னச் சின்னக் கட்டங்கள். அவற்றுக்குக் கீழே பெரிய இடம் விட்டு இரண்டு தலைப்புகள்: "அவர் சொன்னது", "நாம் சொன்னது". மூலையில் 1, 2, 3 என்று தரம் போட ஒரு வட்டம். ஆளுக்கொரு புத்தகம். ஒரே புத்தகத்தை இருவர் பங்குபோட்டால் இரண்டாமவர் "அப்புறம் எழுதிக்கறேன்" என்பார். அந்த அப்புறம் வராது.

ஒரு சீட்டு எப்படி நிரம்புகிறது என்று பார்ப்போம். உடுமலைப் பக்கமிருந்து ஒருவர் வருகிறார். தோட்டத்துக்குத்தான். போர். டிரிப் போட்டு ஆண்டுகள் ஆகின்றன.

"ஃபில்டரை எத்தனை நாளைக்கு ஒருக்கா கழுவறீங்க?"

"எங்கீங்க, தினமும் கழுவ வேண்டியதா இருக்குது."

"கழுவறப்ப கைக்கு நறநறன்னு வருதுங்களா, வழவழன்னு வருதுங்களா?"

"நறநறன்னுதானுங்க. போன வருசம் போரை இன்னும் கொஞ்சம் ஆழப்படுத்துனோம், அதுலிருந்துதான்."

மணல் என்று உறுதியாகிவிட்டது. ஸ்கிரீன் ஃபில்டருக்கு முன்னால் ஹைட்ரோ சைக்ளோன் இல்லாததுதான் காரணம். எந்த அளவு வேண்டும்? மோட்டார் 7.5 எச்பி என்கிறார். இங்கே அனுபவமில்லாதவர் தவறுவார். எச்பியை வைத்துத் தண்ணீர் அளவைச் சொல்ல முடியாது. அதே மோட்டார் முந்நூறு அடியிலிருந்து ஏற்றுவதும் எண்ணூறு அடியிலிருந்து ஏற்றுவதும் ஒன்றல்ல. ஹைட்ரோ சைக்ளோன் சரியாகச் சுழற்ற வேண்டுமென்றால் அதன் அளவுக்கு ஏற்ற தண்ணீர் வர வேண்டும். பெரிதாகப் போட்டுவிட்டால் வேகம் குறைந்து மணல் பிரியாது. எனவே ஃபிட்டர் சொல்கிறார்: "இருநூறு லிட்டர் டிரம் ஒண்ணு நிறைய எத்தனை செகண்டு ஆகுதுன்னு பாத்துச் சொல்லுங்க." நாற்பது செகண்டு என்றால் மணிக்கு 18,000 லிட்டர், அளவைத் தேர்ந்தெடுக்க அது போதும்.

இந்தப் பேச்சின் சீட்டில் "அவர் சொன்னது" பகுதியில் இருப்பவை: தென்னை 6 ஏக்கர். போர், 7.5 எச்பி, இரண்டரை இஞ்ச் லைன். மணல், தினமும் கழுவுகிறார். போரை ஆழப்படுத்திய பிறகு. "நாம் சொன்னது" பகுதியில்: டிரம் கணக்கு செவ்வாய்க்குள் சொல்வார். வந்ததும் அன்றைக்கே விலையும் மாட்டும் முறைப் படமும் வாட்ஸ்அப்பில். தள்ளுபடி எதுவும் சொல்லவில்லை. வட்டத்தில் 1.

கடைசி வாக்கியம் வேடிக்கையாகத் தோன்றலாம். ஒரு வாரம் கழித்து "ஸ்டால்ல பத்து பர்சென்ட் குறைச்சுத் தர்றேன்னீங்களே" என்று போன் வரும்போது அதன் அருமை தெரியும்.

எண்ணை எழுதியதும் அங்கேயே ஒரு ரிங் விட வேண்டும். பத்தில் ஓர் இலக்கம் மாறினால் மொத்தச் சீட்டும் குப்பை. அவர் போனிலும் நம் எண் பதிவாகிவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா என்று கேட்டுவிட்டு ஒரு டிக் போடுவது நல்லது. யார் எண்ணாக இருந்தாலும் தூக்கி விளம்பரக் குழுவில் சேர்ப்பது ஆட்களைத் துரத்தும் வழி. போதாதற்கு, 2023இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இப்படிப்பட்ட தகவல்களுக்கு ஒப்புதல் கேட்கச் சொல்கிறது. அடுத்தவர் காத்துக்கொண்டிருந்தாலும் சீட்டை முடித்த பிறகே அவரிடம் திரும்ப வேண்டும். "ஒரு நிமிசங்க, இதை எழுதிக்கறேன்" என்றால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. தான் சொல்வதையும் இப்படி எழுதிக்கொள்வார்கள் என்று அவருக்குத் தெரிகிறது.

தரம் போடுவதற்கு இரண்டே அளவுகோல்: தேவை இருக்கிறதா, எப்போது வாங்குவார். தொந்தரவு இப்போது இருக்கிறது, இந்த மாதமே மாட்ட வேண்டும் என்றால் 1. தேவை உண்டு, அடுத்த சீசன் என்றால் 2. மற்றதெல்லாம் 3. நன்றாகப் பேசினார், பெரிய காரில் வந்தார் என்பதற்காக 1 போடும் பழக்கம் எல்லாரிடமும் உண்டு. அப்படிப் போட்ட சீட்டுகளில் "எப்போது" என்ற இடம் காலியாக இருக்கும். அதைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். குலுக்கல் பரிசுக்கு விசிட்டிங் கார்டு போடும் பெட்டியை வைக்கவே வேண்டாம். அதில் சேர்வது மிக்ஸி வேண்டியவர்களின் பெயர்கள்.

ஒவ்வொரு நாள் மாலையும் கிளம்புவதற்கு முன் இருபது நிமிடம் இருவரும் உட்கார்ந்து அன்றைய சீட்டுகளைப் புரட்ட வேண்டும். புரியாத கையெழுத்தை அன்றைக்கே கேட்டுச் சரிசெய்யலாம். முதல் தரச் சீட்டுகளைப் போனில் படமெடுத்துக்கொண்டு, நகலைக் கிழித்துத் தனியே வைத்துவிடலாம். வாக்குக் கொடுத்த விலைப்பட்டியல்களைப் பட்டறையில் இருப்பவர் அன்றிரவே அனுப்பத் தொடங்கினால், கண்காட்சி முடிவதற்குள் சிலர் திரும்ப ஸ்டாலுக்கே வருவார்கள்.

வாடகை, பிரசுரம், வண்டி, சாப்பாடு, பட்டறையில் நின்றுபோன இரண்டு பேரின் வேலை எல்லாம் சேர்ந்து ஒன்றரை லட்சம் ரூபாய் ஆனது என்று வைத்துக்கொள்வோம். 280 சீட்டில் முதல் தரம் 30 இருந்தால் ஒவ்வொன்றின் அடக்க விலை 5,000 ரூபாய். சட்டைப்பையில் மறந்துபோன ஒரு சீட்டுக்கும் அதே விலைதான். கண்காட்சி முடிந்த மறுநாள் களைப்பில் பட்டறைக்கு விடுமுறை விடலாம், ஆனால் அந்த முப்பது பேருக்கும் இரண்டு நாளுக்குள் போன் போய்விட வேண்டும். டிரம் கணக்கு சொல்வதாகப் போன உடுமலைக்காரர் செவ்வாய்க்கிழமை கூப்பிடவில்லை என்றால் புதன்கிழமை காலை நாம் கூப்பிட வேண்டும். சீட்டைப் பார்த்து, "போரை ஆழப்படுத்துனதுக்கப்புறம் மணல் வருதுன்னு சொன்னீங்களே, டிரம் பாத்தீங்களா?" என்று ஆரம்பித்தால் அவர் யாரென்று கேட்க மாட்டார்.

கடைசி நாளன்று அமைப்பாளர்கள் வந்து அடுத்த கண்காட்சிக்கு இப்போதே முன்பணம் கட்டினால் இதே இடம் என்பார்கள். கூட்டம் பார்த்த மயக்கத்தில் பலர் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். கொஞ்சம் அவகாசம் கேளுங்கள். மூன்று மாதம் போகட்டும். ஒவ்வொரு பில்லிலும் சீட்டு எண்ணை எழுதிக்கொண்டே வந்திருந்தால், அந்த ஒன்றரை லட்சத்துக்கு எத்தனை ஃபில்டர் போனது, எத்தனை டீலர் நின்றார்கள் என்று அப்போது தெரியும். அதைப் பார்த்துவிட்டு முன்பணம் கட்டுங்கள்.